அசையாத விலை, எண்ணப்படாத வணிகம்

2012 மே முதல் ஆகஸ்ட் வரை யூரோ–சுவிஸ் பிராங்க் சார்ட்டைத் திறந்தவர்களுக்கு அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றியிருக்கும். ஒரு யூரோவுக்கு 1.2010 பிராங்க் என்ற விலையை ஒட்டி, வாரக்கணக்கில் ஏறத்தாழ நேர்க்கோடு. கேண்டில்கள் தீக்குச்சித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. ஆனால் அதே நான்கு மாதங்களில் சுவிஸ் தேசிய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 240 பில்லியன் பிராங்கிலிருந்து சுமார் 420 பில்லியனுக்கு ஏறியது. 2012 முழுவதிலும் அந்த வங்கி 188 பில்லியன் பிராங்க் மதிப்புள்ள அந்நியச் செலாவணியை வாங்கியதாக அதன் கணக்கே சொல்கிறது. ஒரு மத்திய வங்கி அந்த அளவு பணத்தைச் சந்தையில் கொட்டியபோது சார்ட் தூங்கிக்கொண்டிருந்தது.

சார்ட்டின் அடியில் நிற்கும் ‘வால்யூம்’ பட்டைகளை நம்பி முடிவெடுக்கும் எவரும் இந்த முரண்பாட்டை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும். கரன்சி சந்தையில் அந்தப் பட்டைகள் காட்டுவது எத்தனை யூரோ கைமாறியது என்பதை அல்ல. புரோக்கரின் சர்வரிலிருந்து எத்தனை முறை புதிய விலை வந்தது என்பதைத்தான். இதற்கு டிக் வால்யூம் என்று பெயர். இது பயனற்ற எண் இல்லை. ஆனால் வால்யூமைக் கொண்டு ஒரு வணிகர் எதை அறிய மிகவும் விரும்புகிறாரோ, அந்த இடத்தில்தான் இது கைவிடுகிறது. அது தற்செயலாக நேர்வதும் இல்லை. எண்ணும் முறையிலேயே அந்தக் குறை அடங்கியிருக்கிறது.

முதலில், ஏன் இந்தப் பதிலி தேவைப்பட்டது? பங்குச் சந்தையில் ஒவ்வொரு வணிகமும் எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் விழுகிறது. எத்தனை பங்குகள், என்ன விலை, எந்த நொடி என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பாட் கரன்சி சந்தைக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. வங்கியும் வங்கியும், வங்கியும் வாடிக்கையாளரும் நேரடியாகப் பேசி முடிக்கும் வணிகம் அது. பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 2025 ஏப்ரலில் எடுத்த கணக்குப்படி எல்லா வகைக் கரன்சி வணிகமும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 9.6 டிரில்லியன் டாலர். அந்தப் பெருந்தொகை எந்த நிமிடத்தில் எவ்வளவு நகர்ந்தது என்பதை நேரலையில் சொல்லக்கூடிய இடம் உலகில் எங்குமில்லை.

அதனால் மென்பொருள் தயாரித்தவர்கள் கையில் இருந்ததை எண்ணினார்கள். சில்லறை வணிகர்களிடையே மிகவும் பரவிய மெட்டாடிரேடரில் ஒவ்வொரு கேண்டிலுக்கும் இரண்டு தனித்தனிப் புலங்கள் உண்டு: `tick_volume`, `real_volume`. பங்கு அல்லது ஃபியூச்சர்ஸ் தரவில் இரண்டிலும் எண் இருக்கும். கரன்சி ஜோடியைத் திறந்தால் பெரும்பாலான புரோக்கர்களிடம் இரண்டாவது புலத்தில் சுழியம்தான் நிற்கும். தரவின் அமைப்பு இதை மறைக்கவில்லை. ஆனால் திரையில் ‘Volumes’ என்ற ஒரே பெயரோடு பட்டைகள் எழும்போது பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு மறந்துபோகிறது.

கோயம்பேட்டுச் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் எத்தனை பெட்டி தக்காளி விற்றது என்று தெரியவில்லை, விலைப்பலகையை அவர் எத்தனை முறை அழித்து எழுதினார் என்பது மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பரபரப்பான நாளில் பலகை அடிக்கடி மாறும், மந்தமான நாளில் மாறாது. ஆகவே பலகையை எண்ணுவதில் பொருள் உண்டு. ஆனால் ஒரு பெரிய ஓட்டல்காரர் வந்து, சொன்ன விலைக்கே இருநூறு பெட்டியை அள்ளிக்கொண்டு போனால் பலகையில் ஓர் எழுத்தும் மாறாது.

பதிலி நன்றாக வேலை செய்யும் பக்கத்தை முதலில் பார்ப்பதுதான் நியாயம். லண்டன் சந்தை திறக்கும்போது டிக் எண்ணிக்கை ஏறுகிறது. உலகக் கரன்சி வணிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லண்டனில் நடப்பதால் உண்மையான வால்யூமும் அப்போது ஏறுகிறது. நியூயார்க்கும் லண்டனும் ஒன்றாகத் திறந்திருக்கும் சில மணி நேரத்தில் இரண்டும் உச்சத்துக்குப் போகின்றன. நியூயார்க் மூடி டோக்கியோ முழுதாக விழிக்காத வேளையில் இரண்டும் தரையைத் தொடுகின்றன. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வெளியாகும் நியூயார்க் நேரம் காலை 8.30 மணிக்கு இரண்டும் துள்ளுகின்றன. ஒரு விலை உடைப்பு சந்தை விழித்திருக்கும்போது நடந்ததா, யாரும் இல்லாத வேளையில் நடந்ததா என்று தரம்பிரிக்க இது போதும்.

கல்வியுலகிலும் இதற்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. ஜோன்ஸ், கௌல், லிப்சன் மூவரும் 1994-இல் நாஸ்டாக் பங்குகளை ஆராய்ந்து, விலையின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்புடையது வணிகங்களின் எண்ணிக்கைதான், ஒவ்வொரு வணிகத்தின் சராசரி அளவு அதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று கண்டார்கள். எண்ணிக்கையே போதும் என்றால் டிக்கை எண்ணினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியில் ஒரு தாவல் இருக்கிறது. அவர்கள் எண்ணியது முடிந்த வணிகங்களை. கரன்சி சார்ட் எண்ணுவது விலைக் குறிப்புகளை. ஒரு வணிகம்கூட நடக்காமல் நூறு விலைக் குறிப்புகள் வரலாம். ஒரு குறிப்பும் மாறாமல் நூறு வணிகங்கள் முடியலாம்.

இந்த வேறுபாட்டைக் கரன்சி சந்தையிலேயே நேருக்கு நேர் அளந்து பார்த்தவர்களும் உண்டு. குட்ஹார்ட், இட்டோ, பெய்ன் மூவரும் 1993 ஜூனில் ஒரே நாளின் ஏழு மணி நேரத் தரவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் ராய்ட்டர்ஸ் திரையில் வங்கிகள் அறிவிப்பாகப் போடும் விலைக் குறிப்புகள், மறுபக்கம் ராய்ட்டர்ஸின் மின்னணுத் தரகுத் தளத்தில் உண்மையாக முடிந்த வணிகங்கள். விலையின் நடுப்புள்ளியைப் பொறுத்தவரை இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும், குறிப்புகள் வரும் வேகமும் இரு தளங்களிலும் தெளிவாக வேறுபட்டன. அதாவது, திரையில் வரும் குறிப்பு விலை எங்கே இருக்கிறது என்பதை நம்பகமாகச் சொல்லும். வணிகம் எவ்வளவு சூடாக நடக்கிறது என்பதைச் சொல்ல அதைக் கேட்டால் பதில் தடுமாறும். தொழில்நுட்பம் அதற்குப் பிறகு அடியோடு மாறிவிட்டது. ஆனாலும் குறிப்பு வேறு, வணிகம் வேறு என்ற பிரிவு அப்படியே இருக்கிறது.

சில்லறை வணிகர்கள் வட்டாரத்தில் இதற்கு எதிராக அடிக்கடி வைக்கப்படும் வாதம், டிக் வால்யூமுக்கும் உண்மை வால்யூமுக்கும் ஒட்டுறவு 90 சதவீதத்துக்கு மேல் என்பது. அப்படி ஓர் எண் கணக்கில் வருவதை மறுக்கத் தேவையில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு வரிசைகளும் ஒரே கடிகாரத்துக்கு ஆடுகின்றன. விடியலில் தாழ்வு, மாலையில் உச்சம். இப்படி நாள்தோறும் ஒரே அலையில் ஏறி இறங்கும் எந்த இரண்டு வரிசைகளுக்கும் ஒட்டுறவு மிக உயரமாகவே வரும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்திய நேரம் மாலை 7 மணிக்கான ஐந்து நிமிடக் கேண்டிலில் வழக்கமாக 1,000 டிக்குகளும், சிகாகோ ஃபியூச்சர்ஸ் சந்தையில் 2,000 கான்ட்ராக்ட்டுகளும் இருக்கும் என்போம். அதிகாலை 3 மணிக் கேண்டிலில் வழக்கம் 50 டிக்குகள், 60 கான்ட்ராக்ட்டுகள். இப்போது திங்கள் மாலை 1,200 டிக்குகளும் 1,500 கான்ட்ராக்ட்டுகளும் வருகின்றன. செவ்வாய் மாலை 900 டிக்குகளும் 4,000 கான்ட்ராக்ட்டுகளும் வருகின்றன. டிக் பட்டையைப் பார்ப்பவருக்குத் திங்கள் சுறுசுறுப்பு, செவ்வாய் மந்தம். உண்மை நேர் எதிர். ஆனால் இந்த இரண்டு மாலைகளையும் அதிகாலைக் கேண்டில்களோடு சேர்த்து ஒரே கூடையில் போட்டுக் கணக்கிட்டால் ஒட்டுறவு பிரமாதமாக வரும். ஏனென்றால் 50-க்கும் 1,000-க்கும் உள்ள பள்ளம் மற்ற எல்லா வேறுபாடுகளையும் விழுங்கிவிடுகிறது.

வணிகருக்குத் தேவையான கேள்வி மாலை விடியலைவிடச் சுறுசுறுப்பானதா என்பதல்ல. அது கடிகாரத்தைப் பார்த்தாலே தெரியும். இன்று மாலை 7 மணி வழக்கமான மாலை 7 மணியைவிட அசாதாரணமானதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு டிக் எவ்வளவு பதில் தருகிறது என்று அறிய, இரு வரிசைகளிலிருந்தும் கடிகாரத்தை முதலில் நீக்க வேண்டும். ஒவ்வொரு கேண்டிலையும் அதே நேரத்துக் கேண்டில்களின் நடுமதிப்பால் வகுத்தால் போதும்:

```python
slot = df.index.time
base = df.groupby(slot)["tick_volume"].transform("median")
df["rel"] = df["tick_volume"] / base
```

இதையே ஃபியூச்சர்ஸ் வால்யூமுக்கும் செய்து, வகுத்துக் கிடைத்த இரு வரிசைகளையும் ஒப்பிடும்போது வரும் ஒட்டுறவுதான் பேசத் தகுந்தது. அது 90-ஐவிடக் குறைந்தே வரும் என்று எதிர்பார்க்கலாம். கடிகாரம் கடனாகக் கொடுத்த பங்கு போய்விட்டதே. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் நியூயார்க் செய்தி நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். அந்த வாரங்களை அப்படியே சேர்த்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

கடிகாரம் நீங்கிய பிறகும் மீதி ஒட்டுறவு இருக்கத்தான் செய்யும். செய்தி நேரங்களில் அது நன்றாகவே இருக்கலாம். சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

வால்யூமைப் படிக்கும் கலையில் ரிச்சர்ட் வைகாஃப் காலத்திலிருந்து மதிப்புமிக்க கருத்து ஒன்று உண்டு: முயற்சியையும் விளைவையும் ஒப்பிடுவது. வால்யூம் முயற்சி, விலை நகர்வு விளைவு. பெரிய வால்யூமும் பெரிய நகர்வும் சேர்ந்து வந்தால் அது இயல்பு. பெரிய வால்யூம் வந்தும் விலை நகரவில்லை என்றால் யாரோ ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று வருவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். இதை உறிஞ்சல் என்பார்கள். சந்தை திரும்பப்போகும் இடத்தைத் தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள தடயம் வேறில்லை.

இப்போது டிக் வால்யூமை இதே வாய்ப்பாட்டில் போட்டால் என்ன ஆகிறது? முயற்சியை அளக்க எடுத்துக்கொண்ட எண்ணே விலை மாற்றத்தை எண்ணிக் கிடைத்தது. ஆகவே விளைவை வைத்து முயற்சியை அளந்து, பிறகு அதை விளைவோடு ஒப்பிடுகிறோம். விலை ஓரிடத்தில் நின்று பெருந்தொகையை உறிஞ்சும் கணத்தில் டிக் எண்ணிக்கை உயரக் காரணமே இல்லை. எந்தத் தடயத்துக்காக வால்யூமைப் பார்க்கிறோமோ அதை இந்தப் பதிலியால் காட்ட முடியாது. கரன்சி சார்ட்டில் ‘உயர்ந்த வால்யூம், குறுகிய கேண்டில்’ தோன்றுவதே இல்லையா என்றால், தோன்றும். அப்போது விலை ஒரு சிறு எல்லைக்குள் முன்னும் பின்னும் துடிக்கிறது என்று பொருள். விலை தருபவர்கள் தங்கள் குறிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். அதற்கு அடியில் பெரிய கை ஒன்று வாங்கிக்கொண்டிருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக்காட்டும் ஆற்றல் அந்தப் பட்டைக்கு இல்லை.

சுவிஸ் பிராங்கின் கதை இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை போல அமைந்துவிட்டது. யூரோ நெருக்கடியில் பயந்த பணம் சுவிட்சர்லாந்துக்குள் பாய்ந்து பிராங்கை ஏற்றியபோது, 2011 செப்டம்பர் 6 அன்று சுவிஸ் தேசிய வங்கி ஒரு தரைவிலையை அறிவித்தது. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம், அதற்காக எல்லையின்றி அந்நியச் செலாவணி வாங்கத் தயார் என்றது. யூரோவை விற்றுப் பிராங்கை வாங்க நினைத்தவர்கள் அனைவருக்கும் எதிர்ப்பக்கம் ஒரே ஒரு வாடிக்கையாளர் நின்றார், அவரிடம் பணம் தீராது.

அந்த நிலையில் ஆர்டர் புத்தகம் எப்படி இயங்கும் என்று படிப்படியாகப் பார்க்கலாம். 1.2010-ல் 50 கோடி யூரோவுக்கு வாங்கும் ஆர்டர் நிற்கிறது என்று கொள்வோம். ஒரு நிதி நிறுவனம் 50 லட்சம் யூரோவை விற்கிறது. வணிகம் முடிகிறது, ஆனால் மீதி ஆர்டர் அதே விலையில் நிற்பதால் சிறந்த விலை மாறவில்லை. புரோக்கரின் சர்வருக்குப் போகும் விலையும் மாறவில்லை. அடுத்தவர் விற்கிறார், அதற்கடுத்தவர் விற்கிறார். இப்படி நூறு பேர் விற்றால்தான் அந்த ஆர்டர் தீரும். தீர்ந்ததும் அதே விலையில் புதிய ஆர்டர் வந்து அமர்ந்தால் அப்போதும் மாற்றம் இல்லை. 50 கோடி யூரோ கைமாறியது, டிக் கணக்கு சுழியம். நடைமுறையில் எதிர்ப்பக்க விலை சிறிது அசைந்து சில டிக்குகள் பதிவாகும். ஆனால் பதிவாகும் எண்ணுக்கும் நடந்த தொகைக்கும் உறவு அறுந்துவிட்டது. 2012 கோடையில் மாதங்கள் கணக்கில் நடந்தது இதுதான். அந்த வணிகத்தின் அளவு சார்ட்டில் தெரியவில்லை. மாதம் முடிந்ததும் வங்கி வெளியிட்ட கையிருப்புக் கணக்கில்தான் தெரிந்தது.

பிறகு எதிர்த்திசையில் அதே பதிலி உடைந்தது. 2015 ஜனவரி 15, வியாழக்கிழமை, சூரிக் நேரம் காலை 10.30, இந்திய நேரம் பிற்பகல் 3 மணி. தரைவிலையைக் கைவிடுவதாக வங்கி முன்னறிவிப்பின்றிச் சொன்னது. மூன்றாண்டுக்கு மேல் தரையில் நின்ற ஒரே பெரிய வாங்குபவர் மறைந்தார். 1.20-க்குக் கீழே ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன, வாங்குபவர் யாருமில்லை. நிமிடங்களில் விலை ஒரு யூரோவுக்கு ஒரு பிராங்கை உடைத்துக்கொண்டு, வங்கிகளுக்கிடையேயான தளத்தில் சுமார் 0.85 வரை போய், பிறகு மேலே வந்தது.

அந்த வேளையில் விலைக் குறிப்புகள் வெறிகொண்டு மாறின. டிக் எண்ணுவதை வைத்துப் படித்தால் அது பிரம்மாண்டமான பங்கேற்பு. ஆனால் பிரச்சினையே அந்த விலைகளில் எதிர்ப்பக்கம் ஆள் இல்லாததுதான். ஒரு குறிப்பு வருகிறது, சிறு தொகையில் தீர்கிறது அல்லது தீராமலே நீக்கப்படுகிறது, அடுத்தது இன்னும் கீழே வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு டிக். சில புரோக்கர்கள் விலை தருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய சார்ட்டில் அதே வேளை வெற்றிடமாக நின்றது. ஒரே நிகழ்வு, ஒரு திரையில் கோபுரம், இன்னொரு திரையில் இடைவெளி.

பிரீடன், சென், ரனால்டோ, வாஸ் ஆகியோர் இந்த நாளின் தரவை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். கணினி நிரல்கள் வழி நடந்த வணிகம் பிராங்க் ஜோடிகளில் லிக்விடிட்டியைத் திரும்பப் பெறவும், தகவல் எதுவும் இல்லாத விலைத் துள்ளலை உண்டாக்கவும் முனைந்தது, மனித வணிகர்கள் அதற்கு நேர்மாறாக நடந்தார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. டிக் வால்யூமைப் பற்றி யோசிப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். விலைக் குறிப்புகளில் பெரும்பகுதியை இன்று எழுதுவது நிரல்கள்தாம். அவை பின்வாங்கும்போதும் குறிப்பை மாற்றித்தான் பின்வாங்குகின்றன. வருகையும் விலகலும் டிக் எண்ணிக்கையில் ஒரே முகத்தோடு தெரிகின்றன.

அந்த நாளின் விலை காகிதத்தில் மட்டும் எழுதப்படவில்லை. எஃப்எக்ஸ்சிஎம் நிறுவனம் தன் வாடிக்கையாளர் கணக்குகள் சுமார் 22.5 கோடி டாலர் கடனுக்குள் போய்விட்டதாக அறிவித்தது. அல்பாரியின் பிரிட்டன் கிளை திவாலானது. விலை எந்தப் புள்ளியைக் கடந்துபோனது என்பதும் அந்தப் புள்ளியில் எவ்வளவு விற்க முடிந்தது என்பதும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள் கொடுத்த விலை அது.

மத்திய வங்கிகளும் நெருக்கடிகளும் இல்லாத சாதாரண நாளிலும் ஒரு குறை தொடர்கிறது: டிக் எண்ணிக்கை சந்தையின் எண் அல்ல, ஒரு சர்வரின் எண். பல வங்கிகளின் விலைகள் ஓர் இடத்தில் திரட்டப்படுகின்றன. அதில் எத்தனை வங்கிகள் உள்ளன என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். திரட்டிய விலை ஓடையை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினால் சுமை கூடும் என்று சிலர் வடிகட்டி அனுப்புகிறார்கள். ஒரு புரோக்கரின் அதே நிமிடக் கேண்டிலில் 80 டிக்குகள், இன்னொருவரிடம் 240 என்று இருப்பதில் வியப்பில்லை. விலை இரண்டிலும் ஒன்றுதான். ஒரே புரோக்கரின் டெமோ சர்வரும் நேரடி சர்வரும்கூட வேறுபடலாம்.

விலையை எத்தனை தசமத்துக்கு எழுதுகிறார்கள் என்பதும் எண்ணை மாற்றும். வங்கிகளுக்கிடையேயான இபிஎஸ் தளம் 2011-இல் யூரோ–டாலர் போன்ற ஜோடிகளில் நான்கு தசமத்திலிருந்து ஐந்துக்கு மாறியது. 2012-இல் அரைப் பிப்புக்குத் திரும்பியது. சில்லறை புரோக்கர்கள் அதற்கு முன்பே ஐந்து தசமத்துக்குப் போயிருந்தார்கள். 1.3050-லிருந்து 1.3051-க்கு முன்பு ஒரே தாவலில் போன விலை, ஐந்து தசமத்தில் பத்துப் படிகளில் போகலாம். சந்தையில் ஒரு யூரோவும் கூடுதலாகக் கைமாறாமலே டிக் எண்ணிக்கை பலமடங்காகிறது. பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒரே வால்யூம் குறிகாட்டியில் ஓட்டிச் சோதிப்பவர்கள், சந்தை பெருத்தது என்று நினைப்பது பல நேரம் இந்தத் தசமப் பெருக்கமாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க வழி உண்டு. நாளொன்றின் மொத்த டிக் எண்ணிக்கையை ஆண்டுக்கணக்கில் வரைந்து பார்க்க வேண்டும். சந்தையின் மாற்றம் சாய்வாக வரும். சர்வர், விலை ஓடை, தசமம் ஆகியவற்றின் மாற்றம் ஒரு வார இறுதிக்குப் பின் படிக்கட்டுப்போல் எழும். படி தெரிந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரவை ஒப்பிடக் கூடாது.

மாற்று என்று முதலில் வருவது சிகாகோவின் சிஎம்இ ஃபியூச்சர்ஸ். யூரோவுக்கான கான்ட்ராக்ட் ஒன்று 1,25,000 யூரோ. ஒவ்வொரு வணிகமும் மத்தியப் பதிவில் விழுகிறது, யாரும் பார்க்கலாம். உறிஞ்சலைத் தேடுபவர் டிக் பட்டையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பதே சரி. ஆனால் இதுவும் பதிலிதான். ஸ்பாட் சந்தையோடு ஒப்பிட்டால் சிறு பங்கு. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் கான்ட்ராக்ட் மாறும் வாரத்தில் பழையதை விற்றுப் புதியதை வாங்கும் வணிகம் வால்யூமை வீங்கச் செய்யும். அந்த வீக்கத்துக்கும் யூரோவைப் பற்றிய கருத்துக்கும் தொடர்பில்லை. இன்னொரு பலவீனம் 2016 அக்டோபர் 7 அதிகாலை ஆசிய நேரத்தில் வெளிப்பட்டது. பவுண்டு சில நிமிடங்களில் சுமார் 9 சதவீதம் சரிந்தபோது சிஎம்இ-யின் பாதுகாப்பு ஏற்பாடு ஃபியூச்சர்ஸ் வணிகத்தை இடைநிறுத்தியது. ஃபியூச்சர்ஸ் விலையைப் பார்த்தே ஸ்பாட் விலை தந்துகொண்டிருந்தவர்கள் அதனால் பின்வாங்கியது சரிவுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று பன்னாட்டுத் தீர்வு வங்கி வெளியிட்ட அறிக்கை சுட்டியது. மிகவும் தேவைப்பட்ட நிமிடங்களில் உண்மை வால்யூமின் பதிவேடும் மூடிக்கிடந்தது.

இன்னொரு மூலம் சிஎல்எஸ். வங்கிகளின் கரன்சி வணிகத்தைத் தீர்த்துவைக்கும் இந்த அமைப்பு, தன்னிடம் வரும் வணிகங்களிலிருந்து மணிவாரியான வால்யூம் தரவை விற்கிறது. செஸ்பா, கர்கானோ, ரிடியோ, சார்னோ ஆகியோர் அதை வைத்து நடத்திய ஆய்வில், குறைந்த வால்யூமில் நகர்ந்த கரன்சி விலை மறுநாள் திரும்பிவரும் போக்கு வலுவாக இருப்பதைக் கண்டார்கள். உண்மை வால்யூமில் தகவல் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அதே முடிவை டிக் எண்ணிக்கைக்கும் ஒட்டவைப்பது தவறு. அந்த ஆய்வு எண்ணியது பணத்தை.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் 2008 ஆகஸ்டிலிருந்து தேசியப் பங்குச் சந்தையில் நடக்கிறது. கான்ட்ராக்ட் ஒன்று 1,000 டாலர், வால்யூம் உண்மையானது. அந்த வசதியைச் சட்டம் வேறு பக்கத்திலிருந்து சுருக்கிவிட்டது. உண்மையான டாலர் வரவோ செலவோ இருப்பவர்கள்தாம் இதில் ஈடுபடலாம் என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை அந்த ஆண்டு மே 3-இல் நடைமுறைக்கு வந்ததும், ஊக வணிகர்கள் வெளியேற, வால்யூம் கடுமையாக விழுந்தது. அதன் முன்னும் பின்னுமான வால்யூம் பட்டைகளை ஒரே வரிசையாகப் படித்தால் ரூபாயின் மீது ஆர்வம் போய்விட்டது என்ற தவறான முடிவுக்கே வரமுடியும். மாறியது விதி, ரூபாயின் தேவை அல்ல.

ரூபாயில் சுவிஸ் வகைக் குருட்டுப்புள்ளியும் உண்டு. ரிசர்வ் வங்கி ஒரு விலையைக் காக்க டாலர் விற்கும் நாள்களில் டாலர்–ரூபாய் சில பைசாக்களுக்குள் அடங்கிக் கிடக்கும், டிக்குகள் குறையும். வெளிநாட்டுப் புரோக்கர் ஒருவரின் திரையில் அது ஆர்வமற்ற நாளாகத் தெரியும். அந்த நாள்களில் எவ்வளவு டாலர் விற்கப்பட்டது என்பது ரிசர்வ் வங்கியின் மாத இதழில், ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, அந்த மாதத்தின் மொத்தத் தொகையாக வெளிவருகிறது. எந்த நாள், எந்த விலை என்ற விவரம் அதில் இருக்காது.